சார்ந்த மாறிகளைக் கூட்டும்போது வேரியன்ஸ் என்ன ஆகிறது?

கேள்வி: X, Y இரண்டும் சார்பற்றவை என்றால் Var(X+Y) = Var(X) + Var(Y) என்று படித்தேன். ஒன்றையொன்று சார்ந்திருந்தால் 2Cov(X,Y) என்று ஒரு உறுப்பு கூடுதலாக வருகிறதாம். அது எங்கிருந்து வருகிறது? ஏன் 2? எண்களைப் போட்டு ஒரு கணக்கு செய்து காட்ட முடியுமா?

பதில்:

எட்டாம் வகுப்பில் படித்த (a+b)² = a² + b² + 2ab தான் இது. அதைத் தவிர புதிதாக எதுவும் இல்லை.

வேரியன்ஸ் என்பது சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்துக்குச் சராசரி. X-இன் சராசரியை μ என்றும் Y-இன் சராசரியை ν என்றும் வைத்துக்கொள்வோம். X+Y-இன் சராசரி μ+ν. (மாறிகள் சார்ந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சராசரிகள் எப்போதும் நேராகக் கூடும்.) அப்படியென்றால் X+Y தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது? X-இன் விலகலையும் Y-இன் விலகலையும் கூட்டினால் வருவதுதான். a = X−μ, b = Y−ν என்று எழுதினால் மொத்த விலகல் a+b. அதை வர்க்கப்படுத்திச் சராசரி எடுங்கள்:

E[(a+b)²] = E[a²] + E[b²] + 2E[ab]

முதல் இரண்டும் Var(X), Var(Y). கடைசியில் நிற்கும் E[ab]-க்குத்தான் கோவேரியன்ஸ் என்று பெயர். அதாவது Cov(X,Y) = E[(X−μ)(Y−ν)]. (a+b)-ஐ (a+b)-ஆல் பெருக்கும்போது ab ஒரு முறையும் ba ஒரு முறையும் வருகின்றன. 2 அங்கிருந்து வருகிறது.

ஆகவே கோவேரியன்ஸ் உள்ள சூத்திரம்தான் பொதுவானது. நீங்கள் முதலில் படித்தது அதன் ஒரு சிறப்பு நிலை. மாறிகள் சார்பற்றவையாக இருந்தால் E[ab] = E[a]·E[b] என்று பிரிக்கலாம். விலகல்களின் சராசரி எப்போதும் பூஜ்யம் என்பதால் அந்த உறுப்பு காணாமல் போகிறது.

சரி, இப்போது கணக்கு. ஒரு வேலையை இரண்டு கட்டங்களாக முடிக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு X மணி நேரம் ஆகும்: 2, 4 அல்லது 6. இரண்டாவது கட்டத்துக்கு Y மணி நேரம்: 1 அல்லது 5. வேலை கடினமானதாக அமைந்துவிட்டால் முதல் கட்டமும் இழுக்கும், இரண்டாவதும் இழுக்கும். ஆகவே இரண்டும் சார்ந்தவை. கூட்டு நிகழ்தகவுகள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

| | Y = 1 | Y = 5 | மொத்தம் |
|---|---|---|---|
| X = 2 | 0.20 | 0.05 | 0.25 |
| X = 4 | 0.25 | 0.25 | 0.50 |
| X = 6 | 0.05 | 0.20 | 0.25 |
| மொத்தம் | 0.50 | 0.50 | 1 |

கடைசி நிரலிலிருந்து X-இன் சராசரி 4. விலகல்கள் −2, 0, 2. வேரியன்ஸ் = 4×0.25 + 0×0.50 + 4×0.25 = 2. கடைசி நிரையிலிருந்து Y-இன் சராசரி 3. விலகல்கள் −2, 2. வேரியன்ஸ் = 4.

கோவேரியன்ஸுக்கு அட்டவணையின் ஓரங்கள் போதாது, உள்ளே இருக்கும் ஆறு கட்டங்களும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் X-இன் விலகலையும் Y-இன் விலகலையும் பெருக்கி, அந்தக் கட்டத்தின் நிகழ்தகவால் பெருக்க வேண்டும். X = 4 என்ற நிரையில் X-இன் விலகல் பூஜ்யம், அதனால் அந்த இரண்டு கட்டங்களிலிருந்தும் எதுவும் வராது. மீதி நான்கு:

- (2, 1): (−2)(−2)×0.20 = 0.8
- (2, 5): (−2)(2)×0.05 = −0.2
- (6, 1): (2)(−2)×0.05 = −0.2
- (6, 5): (2)(2)×0.20 = 0.8

கூட்டினால் Cov(X,Y) = 1.2. ஆக, Var(X+Y) = 2 + 4 + 2×1.2 = 8.4.

சூத்திரத்தை நம்பாமல் நேரடியாகவும் சரிபார்ப்போம். மொத்த நேரத்தை S என்று வைத்தால், அது எந்தெந்த மதிப்புகளை எடுக்கும் என்று அட்டவணையிலிருந்தே எடுக்கலாம். S = 3 என்பது (2,1)-இல் மட்டும் வரும், நிகழ்தகவு 0.20. S = 5 என்பது (4,1), 0.25. S = 7 இரண்டு வழிகளில் வரும், (2,5) அல்லது (6,1), ஆக 0.10. S = 9 என்பது 0.25. S = 11 என்பது 0.20. சராசரி 7. விலகல்கள் −4, −2, 0, 2, 4. வேரியன்ஸ் = 16×0.20 + 4×0.25 + 0 + 4×0.25 + 16×0.20 = 8.4. இரண்டு வழியிலும் ஒரே விடை.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். அந்தக் கூடுதல் 2.4 எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இந்தக் கணக்கில் கண்ணாலேயே பார்க்க முடியும். அட்டவணையின் ஓரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, X, Y சார்பற்றவை என்று மட்டும் மாற்றிப் பார்ப்போம். அப்போது ஒவ்வொரு கட்டமும் ஓரங்களின் பெருக்கல்: (2,1)-க்கு 0.25×0.50 = 0.125, மற்றவையும் இப்படியே. S-இன் நிகழ்தகவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

| S | 3 | 5 | 7 | 9 | 11 |
|---|---|---|---|---|---|
| சார்பற்றவை | 0.125 | 0.25 | 0.25 | 0.25 | 0.125 |
| சார்ந்தவை | 0.20 | 0.25 | 0.10 | 0.25 | 0.20 |

5-க்கும் 9-க்கும் எந்த மாற்றமும் இல்லை. நடுவில் இருக்கும் 7 மட்டும் 0.15 இழந்திருக்கிறது. அந்த 0.15 இரண்டு பாதியாகப் பிரிந்து 3-க்கும் 11-க்கும் போயிருக்கிறது. நடுவிலிருந்து அந்த முனைகள் 4 தூரத்தில் இருக்கின்றன, தூரத்தின் வர்க்கம் 16. 0.15×16 = 2.4. அதேதான் 2Cov.

ஒன்று அதிகமாகி மற்றது குறைந்தால் கூட்டுத்தொகை நடுவுக்கு வந்துவிடும், விலகல்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். நேர்க் கோவேரியன்ஸ் இருந்தால் அந்த அடித்துவிடுதல் அரிதாகிறது. இரண்டும் ஒரே பக்கம் சாய்வது கூடுகிறது. மொத்தம் 11 மணி நேரம் ஆகிவிடும் அபாயம் எட்டில் ஒன்று என்று நினைத்துத் திட்டம் போட்டவருக்கு உண்மையில் அது ஐந்தில் ஒன்று. சராசரி 7 மணி நேரம் என்பதில் எந்தப் பிழையும் இல்லாததால் இந்தத் தவறு வெளியே தெரிவதும் இல்லை.

திட்ட விலக்கத்தில் பார்த்தால், சார்பற்ற நிலையில் √6 ≈ 2.45 மணி, சார்ந்த நிலையில் √8.4 ≈ 2.90 மணி. சிலர் இரண்டு திட்ட விலக்கங்களையும் நேராகக் கூட்டிவிடுவார்கள்: 1.41 + 2 = 3.41. அது ஒட்டுறவுக் கெழு சரியாக 1 ஆக இருக்கும்போது மட்டும் பொருந்தும், வேறு எப்போதும் பொருந்தாது. இங்கே கெழு 1.2 ÷ (1.41×2) ≈ 0.42. ஆனாலும் 3.41 ஒரு வகையில் உதவும், அது உச்ச வரம்பு. கூட்டுத்தொகையின் திட்ட விலக்கம் தனித்தனித் திட்ட விலக்கங்களின் கூட்டலைத் தாண்டவே முடியாது, அவற்றின் வித்தியாசத்துக்குக் கீழே இறங்கவும் முடியாது. உங்கள் விடை 0.59-க்கும் 3.41-க்கும் வெளியே வந்தால் கோவேரியன்ஸில் எங்கோ பிழை இருக்கிறது.

கூட்டலுக்குப் பதில் கழித்தல் என்றால் கோவேரியன்ஸின் குறி மட்டும் மாறும்:

Var(X−Y) = Var(X) + Var(Y) − 2Cov(X,Y) = 2 + 4 − 2.4 = 3.6

Var(Y)-க்கு முன்னால் கழித்தல் குறி வராது, அங்கே (−1)² = 1. இரண்டும் ஒரே பக்கம் சாய்கிறவை என்பதால் அவற்றின் வித்தியாசம் குறைவாகவே அலைகிறது. ஒரே ஆளிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தைப் பார்க்கும் ஆய்வுகள் இதை நம்பித்தான் நடக்கின்றன. ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கம் இரண்டு அளவீடுகளுக்கும் பொதுவானது, கழிக்கும்போது அது போய்விடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சார்பற்றவை என்றால் கோவேரியன்ஸ் பூஜ்யம். ஆனால் கோவேரியன்ஸ் பூஜ்யம் என்பதால் சார்பற்றவை என்று ஆகிவிடாது. X என்பது −1, 0, 1 ஆகியவற்றைச் சம வாய்ப்போடு எடுக்கட்டும், Y = X² என்று இருக்கட்டும். X தெரிந்தால் Y முழுக்கத் தெரியும், அதைவிடச் சார்பு ஏது? ஆனாலும் கோவேரியன்ஸ் பூஜ்யம்தான். அதனால் இந்த இரண்டுக்கும் வேரியன்ஸ் நேராகவே கூடும். வேரியன்ஸைக் கூட்டுவதற்கு வேண்டியது கோவேரியன்ஸ் பூஜ்யமாக இருப்பது மட்டுமே.

இரண்டு மாறிகளோடு நின்றால் இது ஒரு திருத்தம் மாதிரித்தான் தெரியும். மாறிகள் பெருகும்போது நிலைமை தலைகீழாகிறது. n மாறிகளைக் கூட்டினால் வேரியன்ஸ் உறுப்புகள் n. கோவேரியன்ஸ் உறுப்புகளோ, ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு முறை எண்ணினால், n(n−1). நூறு மாறிகளுக்கு 100-உம் 9900-உம்.

இதை ஓர் அளவீட்டில் பார்ப்போம். ஒரு பொருளை ஒரே தராசில் 100 முறை நிறுக்கிறீர்கள். ஒவ்வொரு அளவீட்டிலும் இரண்டு வகைப் பிழை உண்டு. ஒன்று, ஒவ்வொரு முறையும் புதிதாக வரும் பிழை, அதன் வேரியன்ஸ் 3.6 என்று வைப்போம் (அலகு கிராமின் வர்க்கம்). இன்னொன்று, தராசைச் சரிசெய்தபோதே உள்ளே உட்கார்ந்துவிட்ட பிழை, அதன் வேரியன்ஸ் 0.4. இந்தப் பிழை எவ்வளவு என்பது ஒவ்வொரு முறை தராசைச் சரிசெய்யும்போதும் மாறும், ஆனால் இந்த 100 அளவீடுகளுக்கும் அது ஒன்றேதான். ஆக ஒவ்வொரு அளவீட்டின் வேரியன்ஸ் 4. எந்த இரண்டு அளவீடுகளை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுவானது இரண்டாவது பிழை மட்டும், அதனால் கோவேரியன்ஸ் 0.4. ஒட்டுறவுக் கெழு வெறும் 0.1. பெரும்பாலானோர் இதைச் சிறியது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கூட்டுத்தொகையின் வேரியன்ஸ் = 100×4 + 9900×0.4 = 400 + 3960 = 4360. ஒதுக்கிய பகுதி, வைத்துக்கொண்ட பகுதியைப் போலப் பத்து மடங்கு! சராசரியின் வேரியன்ஸ் வேண்டுமென்றால் 100²-ஆல் வகுக்க வேண்டும்: 0.436. கோவேரியன்ஸை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 4/100 = 0.04. திட்ட விலக்கத்தில் உண்மை 0.66 கிராம், தப்புக் கணக்கில் 0.20 கிராம். இந்த 100 அளவீடுகளுக்கு உள்ள மதிப்பு, சார்பற்ற அளவீடுகளில் 4 ÷ 0.436, அதாவது சுமார் 9-க்குச் சமம்.

அளவீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் தீருமா? சராசரியின் வேரியன்ஸ் 0.4 + 3.6/n. n எவ்வளவு பெரிதானாலும் 0.4-க்குக் கீழே போகாது. ஆயிரம் முறை நிறுத்தாலும் தராசின் பிழை தராசில்தான் இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. இந்த 100 எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியாது. பொதுப் பிழை எல்லா எண்களையும் ஒரே அளவு நகர்த்துகிறது, எண்களுக்கிடையே உள்ள சிதறலில் அது தெரியாது. சிதறலிலிருந்து நீங்கள் மதிப்பிடும் வேரியன்ஸ் 4-ஐ ஒட்டி வராது, 3.6-ஐ ஒட்டித்தான் வரும். அதிலிருந்து சராசரியின் திட்டப் பிழை 0.19 என்று கிடைக்கும், பார்க்க மிக அழகாக இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி, தராசை மாற்றியோ மறுபடி சரிசெய்தோ இன்னும் சில தொகுதிகள் எடுத்து, தொகுதிச் சராசரிகள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்ப்பதுதான். அவை 0.19-ஐ வைத்து எதிர்பார்ப்பதைவிட அதிகமாகச் சிதறினால், தொகுதிக்குள் கோவேரியன்ஸ் இருக்கிறது என்று பொருள்.

எதிர்த் திசையிலும் ஒன்று பார்த்துவிடலாம். 1 முதல் 5 வரை எழுதிய ஐந்து சீட்டுகளிலிருந்து, எடுத்ததைத் திருப்பி வைக்காமல் இரண்டை எடுக்கிறோம். முதல் சீட்டு பெரிய எண்ணாக இருந்தால் மீதியில் பெரிய எண்கள் குறைந்துவிடும், ஆகவே கோவேரியன்ஸ் எதிர்க்குறியாக இருக்கும். எவ்வளவு என்று கண்டுபிடிக்க அட்டவணை போட வேண்டாம், ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ஐந்து சீட்டுகளையும் எடுத்துவிட்டால் கூட்டுத்தொகை எப்போதும் 15, அதன் வேரியன்ஸ் பூஜ்யம். ஒரு சீட்டின் வேரியன்ஸ் 2. எனவே 5×2 + 20×Cov = 0, அதாவது Cov = −0.5. இரண்டு சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு 2 + 2 + 2×(−0.5) = 3. பத்து ஜோடிகளையும் எழுதி நேரடியாகக் கணக்கிட்டாலும் 3 தான் வரும், செய்து பாருங்கள். திருப்பி வைத்து எடுத்தால் 4 வந்திருக்கும்.

இந்தக் குறுக்கு வழியிலிருந்தே இன்னொன்றும் கிடைக்கிறது. வேரியன்ஸ் ஒருபோதும் எதிர்க்குறியாக முடியாது. ஆகவே ஒரே வேரியன்ஸ் கொண்ட n மாறிகளில் எல்லா ஜோடிகளுக்கும் ஒரே ஒட்டுறவுக் கெழு என்றால், அது −1/(n−1)-க்குக் கீழே போகவே முடியாது. மூன்று மாறிகளும் ஒன்றுக்கொன்று −0.8 என்று யாராவது சொன்னால், தரவைப் பார்க்காமலேயே தப்பு என்று சொல்லிவிடலாம்.

கடைசியாக, கையில் உள்ள தரவை வைத்துக் கணினியில் சரிபார்ப்பவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம். நம்பையில் `np.var` என்பது n-ஆல் வகுக்கும், `np.cov` என்பது n−1-ஆல் வகுக்கும். எதையும் மாற்றாமல் இரண்டையும் கலந்தால் சூத்திரமே பொய்த்துப்போனது போலத் தெரியும்:

```python
import numpy as np
x = np.array([2, 4, 6, 4])
y = np.array([1, 3, 5, 7])

print(np.var(x + y))                                        # 11.0
print(np.var(x) + np.var(y) + 2*np.cov(x, y)[0, 1])         # 12.33...
print(np.var(x) + np.var(y) + 2*np.cov(x, y, ddof=0)[0, 1]) # 11.0
```

கையால் பார்த்தால், விலகல் வர்க்கங்களின் கூட்டல் x-க்கு 8, y-க்கு 20, பெருக்கல்களின் கூட்டல் 8. 8 + 20 + 2×8 = 44, x+y-க்கும் 44. மூன்றையும் 4-ஆல் வகுத்தால் 11, மூன்றையும் 3-ஆல் வகுத்தால் 14.67, எப்படியானாலும் சமன்பாடு நிற்கும். வேரியன்ஸை ஒன்றாலும் கோவேரியன்ஸை இன்னொன்றாலும் வகுத்தால்தான் உடையும். விரிதாளிலும் இதே கவனம் வேண்டும்: `VAR.S` பயன்படுத்தினால் கூடவே `COVARIANCE.S`, `VAR.P` என்றால் `COVARIANCE.P`.